சலானில் எழுதிய பெயரும் தொகையும் கணினியில் மாறிப்போகும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

பணம் செலுத்தும் சலான்களை ஸ்கேன் செய்து, அவற்றில் கையால் எழுதப்பட்ட தமிழ்ப் பெயரையும் தொகையையும் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரி வழியாகப் பட்டியலாக்கும் வேலையில், எழுத்துணரி முற்றிலும் படிக்க முடியாமல் விட்டுவிட்ட சலான் எனக்கு ஒருநாளும் தொல்லை தந்ததில்லை. அது தானாகவே ஒதுங்கி நிற்கும்; ஒருவர் எடுத்துப் பார்த்துத் தட்டச்சு செய்துவிடுவார். தொல்லை தருவது, பார்வைக்குச் சரியாகவே தெரிந்துகொண்டு உள்ளே தவறாக இருக்கும் பதிவுதான். அத்தகைய பிழைகள் எந்த முகத்தோடு வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் எதை முதலில் பார்க்க வேண்டும், எங்கே நிறுத்திக்கொண்டு மற்றவரை அழைக்க வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்த அனுபவத்திலிருந்து கீழே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு ஏற்பாடு அவசியம். எழுத்துணரி தந்த வரியை ஒரு பத்தியில் அப்படியே வைத்திருங்கள். திருத்திய வடிவத்தை வேறொரு பத்தியில் எழுதுங்கள். மூல வரியின் மேலேயே திருத்தத்தை எழுதிவிட்டால், திருத்தும் விதியே தவறாக இருந்தது பின்னால் தெரியவரும்போது திரும்பிச் செல்ல வழியிருக்காது. சலான் படங்களில் கணக்கு எண்ணும் கையொப்பமும் இருப்பதால், அவற்றை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துணரித் தளங்களில் ஏற்றிச் சோதிப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

## அறிகுறி 1: பெயர்களில் புள்ளி காணாமல் போகிறது

'குமார்' என்பது 'குமார' என்றும், 'வேலன்' என்பது 'வேலன' என்றும் வருகின்றன.

முதலில் படத்தைப் பாருங்கள். எழுத்துணரிக்குக் கொடுத்த, தூய்மைப்படுத்திய படத்தையும், ஸ்கேனரிலிருந்து வந்த மூலப் படத்தையும் முழு அளவில் அருகருகே வைத்து, அதே எழுத்தின் தலைக்குமேல் நோக்குங்கள். இங்கே வழி மூன்றாகப் பிரிகிறது.

### இரண்டு படத்திலும் புள்ளி இல்லை, தாளிலும் இல்லை

எழுதியவரே அவசரத்தில் வைக்கவில்லை. கவுன்ட்டரின் முன் நின்று எழுதும்போது இது மிகவும் சாதாரணம். இதற்குச் செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு: பெயரின் கடைசி எழுத்து புள்ளியில்லாத ன, ர, ம, ள, ல ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அந்தப் பதிவைக் கொடியிட்டு, கணக்கேட்டில் உள்ள பெயரோடு ஒப்பிடச் செய்யுங்கள். தானாகப் புள்ளி சேர்க்கும் விதியை நான் எழுதிப் பார்த்துக் கைவிட்டேன்; பெயரின் பின்பகுதி கட்டத்துக்கு வெளியே போய் வெட்டுப்பட்டிருந்தால், 'சந்திர' என்ற பாதிப் பெயரை அது முழுப் பெயராக்கிவிடும்.

### மூலப் படத்தில் இருக்கிறது. தூய்மைப்படுத்திய படத்தில் இல்லை

காரணம், தூசியை நீக்கும் வடிகட்டி. பேனா முனை வைக்கும் புள்ளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அகலம். 200 டிபிஐ ஸ்கேனில் அது நான்கு பிக்சல். பரப்பில் சுமார் பன்னிரண்டு பிக்சல். 5×5 அளவுள்ள இடைநிலை வடிகட்டி, தன் இருபத்தைந்து பிக்சல் சாளரத்தில் பதின்மூன்றாவது கருப்பாக இருந்தால்தான் கருமையை விட்டுவைக்கும். ஆகவே புள்ளியும் தூசியும் அதற்கு ஒன்றுதான். வடிகட்டியை 3×3 ஆகக் குறைத்து, அல்லது அறவே நிறுத்தி, இருபது சலான்களை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். தூசி கொஞ்சம் கூடும்; அது புள்ளியை இழப்பதைவிட மேல்.

### மூலப் படத்திலேயே இல்லை, தாளில் இருக்கிறது

ஸ்கேனர் கருப்பு-வெள்ளை முறையில் வைக்கப்பட்டிருக்கிறது, அல்லது மங்கலான நீல மை வெளுத்துப் போயிருக்கிறது. சாம்பல் நிற முறையில் 300 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். அதே புள்ளி அப்போது ஆறு பிக்சல் அகலம் பெறும். அப்படியும் ஒரே இடத்தில் எல்லாச் சலானிலும் எழுத்து வெட்டுப்பட்டால் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள்; துடைத்தும் போகாவிட்டால் ஸ்கேனர் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டிய இடம் அதுதான். தாள்கள் அழிக்கப்பட்டு, கருப்பு-வெள்ளைப் படம் மட்டும் எஞ்சியிருந்தால், இழந்த புள்ளியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கணக்கேட்டோடு ஒப்பிடும் வழி ஒன்றே மிச்சம்.

## அறிகுறி 2: திரையில் பெயர் சரியாக இருக்கிறது, தேடினால் கிடைப்பதில்லை

இதுதான் அதிகமானோரை ஏமாற்றும் அறிகுறி. கண்ணால் பார்த்து முடிவு கட்டாமல், பெயரின் ஒவ்வொரு குறியீட்டையும் அச்சிட்டுப் பாருங்கள்.

```python
for c in name:
    print(c, "U+%04X" % ord(c))
```

வரும் பட்டியலில் மூன்று விதமான ஆள்மாறாட்டங்கள் தென்படும்.

### ரகரத்தின் இடத்தில் கால்

கையெழுத்தில் ரகரத்தின் அடியிலுள்ள சாய்கோட்டைப் பலர் இழுப்பதில்லை. அப்போது அது துணைக்காலேதான். 'குமார்' என்பதன் கடைசி எழுத்து, கால் (U+0BBE) மேல் புள்ளி வைத்த வடிவமாக வந்துவிடுகிறது. கால்மேல் புள்ளியோ இகர, ஈகர விசிறியோ தமிழில் வரவே முடியாது என்பதால், இதைத் துணிந்து தானாகத் திருத்தலாம்.

திருத்தும் வரிசையில் மட்டும் ஒரு குழி இருக்கிறது. 'பெரியசாமி' என்பதில் ரகரம் காலாகப் படிக்கப்பட்டால், ஒற்றைக்கொம்பும் காலும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த நிலையில் யூனிகோடைச் சீராக்கும் NFC முறையை முதலில் ஓட்டினால், கொம்பும் காலும் சேர்ந்து ஒகரக் குறியாகி (U+0BCA), பெயர் 'பொியசாமி' என்று உறைந்துவிடும். பல எழுத்துருக்களில் அது பெரியசாமி போலவே தெரியும், தேடினால் கிடைக்காது. ஆகவே முதலில் பிரித்து, பிறகு திருத்தி, கடைசியில் சேர்க்க வேண்டும்.

```python
import re, unicodedata as u

def clean(s):
    s = u.normalize("NFD", s)
    s = re.sub("\u0BBE(?=[\u0BBF\u0BC0\u0BCD])", "\u0BB0", s)
    return u.normalize("NFC", s)
```

இதற்கு நேர்மாறான பிழை, அதாவது கால் இருக்க வேண்டிய இடத்தில் ரகரம் வந்து 'ராஜா' என்பது 'ராஜர' ஆவது, எழுத்து முறைப்படி பிழையே இல்லாத சொல்லைத் தருவதால், எந்த விதியாலும் பிடிபடாது. அதை ஐந்தாவது அறிகுறியின்கீழ்ப் பாருங்கள்.

### ஔகாரத்தின் இடத்தில் ளகரம்

'கௌரி', 'சௌந்தர்', 'கௌசல்யா' போன்ற பெயர்களில் ஔகாரக் குறி (U+0BCC) வர வேண்டிய இடத்தில், ஒற்றைக்கொம்பும் தனி ளகரமும் வந்து நிற்கும். இரண்டும் திரையில் ஒன்றே; NFC இதைச் சேர்க்காது. எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றினால் 'வெள்ளைச்சாமி' கெட்டுப்போவார். அந்த ளகரத்தை அடுத்து என்ன வருகிறது என்பதே அடையாளம்: புள்ளியோ உயிர்க்குறியோ தொடர்ந்தால் அது உண்மையான ளகரம்; வேறொரு மெய்யெழுத்தின் உரு நேரடியாகத் தொடர்ந்தால், பெயர்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் ஔகாரம். 'பெரும்பாலும்' என்று சொல்வதால், இதைத் திருத்திய பிறகு ஒருவர் கண்ணால் பார்க்கட்டும்.

### எழுத்தின் இடத்தில் தமிழ் எண்

தமிழ் எண் ஏழு (௭) எகரத்தைப் போலவும், இரண்டு (௨) உகரத்தைப் போலவும், ஒன்று (௧) ககரத்தைப் போலவும் இருப்பதால், 'எழிலரசி', 'உமா' போன்ற பெயர்களின் முதலெழுத்து எண்ணாகிவிடும். பெயர்ப் புலத்தில் எண் இருக்கக் காரணமே இல்லை என்பதால், U+0BE6 முதல் U+0BF2 வரையுள்ள எந்தக் குறியும் பெயரில் இருந்தால் கொடியிடுங்கள்.

இதே குழப்பம் தொகைப் புலத்தில் வந்தால் ஆபத்து கூடுதல். பைத்தானில் `int("௭௫")` என்பது எந்த முறையீடும் இல்லாமல் 75 என்று விடை தரும். `\d` என்ற வடிவமும் தமிழ் எண்ணை ஏற்கும். தொகையைச் சோதிக்கும்போது `[0-9]` என்றே எழுதுங்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் தேடல் தோற்றால், கோளாறு கணக்கேட்டின் பக்கம் இருக்கலாம். யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி, டாம் போன்ற குறியாக்கங்களில் பதிந்த பெயர்கள் இன்னும் சில பழைய தரவுத்தளங்களில் உள்ளன. அவற்றை நீங்களே மாற்ற முயலாமல், தரவுத்தளப் பொறுப்பாளரிடம் விடுங்கள்.

## அறிகுறி 3: தொகையில் ஓர் இலக்கம் கூடுகிறது, அல்லது தொகை நூறு மடங்காகிறது

படத்தில் தொகையின் வலது முனையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். தொகைக்குப் பின் போடும் சாய்கோடும் சிறு கோடும், அதாவது `/-` என்ற முடிப்பு, 1 என்று படிக்கப்பட்டு 500 என்பது 5001 ஆவதே முதற் காரணம். `.00` என்பதன் புள்ளி தொலைந்து 2450 ரூபாய் 245000 ஆவது இரண்டாவது. இந்தப் புள்ளி தொலைவதும் முதல் அறிகுறியில் சொன்ன அதே வடிகட்டியால்தான்.

காற்புள்ளி இருந்தால் அதுவே நல்ல சாட்சி. நம் முறையில் கடைசிக் காற்புள்ளிக்குப் பின் மூன்று இலக்கமும், அதற்கு முந்தையவற்றில் இரண்டிரண்டு இலக்கமும் இருக்க வேண்டும். 1,25,0001 என்று வந்தால் கடைசி 1 முடிப்புக்கோடு என்பது உறுதி. காற்புள்ளி இல்லாதபோது, 1 என்று முடியும் தொகை எல்லாவற்றையும் பார்வைக்கு ஒதுக்குங்கள். ரொக்கச் சலான்களில் அப்படி முடியும் உண்மையான தொகை குறைவு என்றாலும், மொய்ப்பணம் போலப் 'பத்தாயிரத்து ஒன்று' செலுத்துவோர் இருக்கவே செய்கிறார்கள். ஆகவே தானாக வெட்டக் கூடாது.

## அறிகுறி 4: ஓர் இலக்கம் மட்டும் வேறாக வருகிறது

1 ஏழாகும், 3 எட்டாகும், 4 ஒன்பதாகும், 0 ஆறாகும். எழுத்துணரி தரும் நம்பக மதிப்பெண்ணை இங்கே நம்பாதீர்கள். மேல்கொக்கி நீண்ட ஒன்றை அது முழு நம்பிக்கையோடுதான் ஏழு என்று சொல்லும். அதே சலானின் வேறு பகுதிகளைச் சாட்சிக்கு அழைப்பதுதான் வழி. ரொக்கச் சலானில் அப்படி இரண்டு சாட்சிகள் உண்டு. ஒன்று, எழுத்தால் எழுதிய தொகை. மற்றொன்று, எந்த நோட்டு எத்தனை என்ற அட்டவணை.

எழுத்தால் எழுதிய தொகையை எழுத்தெழுத்தாகப் படிக்க முயல வேண்டாம். அதில் வரக்கூடிய சொற்கள் ஒரு சிறு பட்டியலுக்குள் அடங்கும் என்பதால், படித்த சொல்லுக்கு மிக நெருங்கிய எண்ணுப்பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். 'ஐநூறு', 'ஐந்நூறு' இரண்டும், 'லட்சம்', 'இலட்சம்' இரண்டும் பட்டியலில் இருக்கட்டும். 'ஐயாயிரம்', 'ஐந்தாயிரம்' அவ்வாறே. நெருக்கத்தை யூனிகோடு குறிகளால் அளக்காமல், உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்டு அளக்க வேண்டும்.

இந்தப் பட்டியலிலும் இரட்டையர் உண்டு. 'எழுபது', 'எண்பது' இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வேறுபாடு. 'தொண்ணூறு', 'எண்ணூறு' இரண்டுக்கும் அப்படியே, ஆனால் மதிப்பு 90, 800. 'ஆயிரம்' என்பதோடு ஓரெழுத்து கூடினால் 'ஆறாயிரம்'. 'இருபது', 'அறுபது' இரண்டும் வேகமான கையெழுத்தில் ஒன்றுபோல் இருக்கும். முதலில் வரும் சொல்லுக்கும் அடுத்து வரும் சொல்லுக்கும் நெருக்கத்தில் ஓரெழுத்து இடைவெளிகூட இல்லாவிட்டால், கணினியை முடிவெடுக்க விடாதீர்கள்.

இந்த முறையின் வலிமை ஓரிடத்தில் இருக்கிறது: இலக்கத்தில் ஒன்றுபோல் தெரிபவை சொல்லில் ஒன்றுபோல் இருப்பதில்லை. 1, 7 குழம்பும். 'ஆயிரம்', 'ஏழாயிரம்' குழம்பாது. 3, 8 குழம்பும். 'மூவாயிரம்', 'எட்டாயிரம்' குழம்பாது. சொல்லில் குழம்பும் எழுபதும் எண்பதும் இலக்கத்தில் குழம்புவதில்லை. ஆகையால் இரண்டும் ஒத்துப்போனால், இரண்டும் ஒரே தவறைச் செய்திருக்கும் வாய்ப்பு மிகச் சிறிது.

ஒரு சலானை முழுதாகப் பார்ப்போம். தொகைக் கட்டத்தில் எழுத்துணரி `7,5001` என்று தருகிறது. காற்புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருப்பதால் கடைசி 1 முடிப்புக்கோடு, மீதி 7,500. எழுத்து வரி 'ஆயிரதது ஐநநூறு மடடும' என்று புள்ளிகள் இல்லாமல் வந்திருக்கிறது. பட்டியலோடு ஒப்பிட்டால் 'ஆயிரத்து ஐந்நூறு மட்டும்', அதாவது 1,500. நோட்டு அட்டவணையில் 500 வரிசையில் 3 என்றிருக்கிறது, அதுவும் 1,500. இரண்டு சாட்சிகள் 1,500 என்கின்றன, மூன்றாவது 7,500 என்கிறது. மாறியிருப்பது 1, 7 என்ற தெரிந்த இரட்டையர். இந்நிலையில் நிரல் 1,500 என்று பரிந்துரைத்துப் படத்தோடு ஒருவர் முன் வைக்கிறது. படத்தைப் பார்த்தால், ஒன்றின் தலைக்கொக்கி கட்டத்தின் மேல்கோட்டைத் தொட்டு அதோடு சேர்ந்து ஏழாகியிருப்பது உடனே தெரிகிறது. கட்டக்கோடுகளே திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால், ஸ்கேனரில் அச்சுக்கோட்டின் நிறத்தை விலக்கும் வசதியை இயக்குங்கள்.

மூன்றும் ஒத்துப்போனால் மட்டுமே மனிதப் பார்வையின்றி ஏற்பது, ஒன்று மாறினாலும் பெரும்பான்மை பார்த்துத் தானாகத் திருத்தாமல் பார்வைக்கு அனுப்புவது என்பதே நான் கடைப்பிடிக்கும் நெறி. பணத்தில் பெரும்பான்மை வாக்கு போதாது.

அட்டவணையைப் படிக்கையில் வரிசை நழுவலைக் கவனியுங்கள். பழைய 1000 ரூபாய் நோட்டு 2016 நவம்பரில் செல்லாததாக்கப்பட்டது. 2017-க்குப் பிந்தைய சலானில் 1000 வரிசையில் எண் படிக்கப்பட்டிருந்தால், எழுத்துணரி ஒரு வரிசை நழுவிப் பார்த்திருக்கிறது.

எழுதியவரே இலக்கத்தில் ஒன்றும் எழுத்தில் வேறொன்றும் எழுதியிருந்தால், அது உங்கள் வேலைக்கு வெளியே போய்விட்டது. காசோலையில் இரண்டும் மாறுபட்டால் எழுத்தால் எழுதியதே செல்லும் என்று 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18-ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சலானுக்கும் பொருத்துவோரைப் பார்த்திருக்கிறேன். சலான் அந்தச் சட்டம் குறிக்கும் ஆவணம் அன்று. எண்ணி வாங்கிய பணம் எவ்வளவு என்பதே கேள்வி, அதற்கு விடை சொல்ல வேண்டியவர் அன்றைய காசாளரும் அவருடைய அதிகாரியும்.

## அறிகுறி 5: பெயர் ஒழுங்காகவே இருக்கிறது, ஆனால் அப்படி ஒருவர் இல்லை

கையெழுத்தில் ன-ண, ல-வ, ய-ப, மு-ழ ஆகியவை ஒன்றாகத் தெரியும். சொல்முதலில் ழ, ள, ண, ன வராது என்பதால், இனிஷியல் 'ழ.' என்று வந்தால் அது 'மு.' தான். தகரத்துக்கு முன் 'ன்' வந்தால் அது 'ந்'. றகரத்தை மட்டும் இந்த விதியில் சேர்க்காதீர்கள். இலங்கை வழக்கில் பெயர்கள் றகரத்தில் தொடங்குவதுண்டு.

விதிகள் தீர்ந்தபின், கணக்கேட்டில் தேட ஒரு திறவுகோல் செய்யுங்கள்.

```python
fold = str.maketrans("ளழணநற", "லலனனர")
key = clean(name).translate(fold)
```

சலானில் உள்ள கணக்கு எண்ணுக்குரிய பெயரின் திறவுகோலும் இதுவும் ஒன்றானால், கணக்கேட்டில் உள்ள பெயரையே பதியுங்கள். திறவுகோலைத் தேடலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், சேமிக்காதீர்கள். 'வள்ளி', 'வல்லி' இருவரும் அதில் ஒருவராகிவிடுவார்கள். ரகரம் காலிடத்தில் நின்ற 'ராஜர' போன்றவை திறவுகோலில் ஒரே ஒரு யூனிகோடு குறியால் விலகி நிற்கும். கணக்கு எண் ஒத்திருந்தால் அதையும் பார்வைக்கு வையுங்கள். பெயரும் ஒத்துவராமல் எண்ணிலும் 1, 7 ஐயம் இருந்தால், ஊகித்து இன்னொருவர் கணக்கில் சேர்ப்பதைவிட நிறுத்திவைப்பதே நேர்மை.

குறைகள் எல்லாம் ஒரே எழுத்திணையைச் சுற்றியே திரும்பத் திரும்ப வருகின்றன என்றால், பயன்படுத்தும் எழுத்துணரி அச்செழுத்துக்காகப் பழக்கப்பட்டதா என்று பாருங்கள். Tesseract-இன் `tam` அத்தகையது. கையெழுத்து வரிகளைக் கொண்டு பழக்குவது செலவுள்ள வேலை, அதற்கு அத்துறை வல்லுநர் வேண்டும். திருத்திய பத்தியையும் மூலப் பத்தியையும் தனித்தனியே வைத்திருந்தீர்களானால், அவர் முதலில் கேட்கும் தரவு உங்கள் கையில் இருக்கும்.

## அறிகுறி 6: எல்லாம் தேறிவிட்டது, நாள் மொத்தம் மட்டும் ரொக்கப் புத்தகத்தோடு ஒட்டவில்லை

வேறுபாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்; பிழை ஒரே சலானில் இருந்தால் அந்த எண்ணே இடத்தைக் காட்டும். சரியாக 6,000 என்றால் ஆயிரத்தின் இடத்தில் 1-7 அல்லது 0-6. 500 என்றால் நூறின் இடத்தில் 3-8 அல்லது 4-9. 13,501 போல வந்தால் ஒன்றைக் கழித்து ஒன்பதால் வகுங்கள்: 1,500. அன்றைய சலான் கட்டில் 15001 என்று பதிவான சலானைத் தேடுங்கள், முடிப்புக்கோடு ஒன்றாகியிருக்கும். 2,42,550 என்றால் 99-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2,450, பைசாவின் புள்ளி தொலைந்திருக்கிறது. மீதியின்றி ஒன்பதால் வகுபட்டு மேற்சொன்ன எதிலும் அடங்காவிட்டால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். இது எழுத்துணரியின் பிழையாக இருப்பது அரிது, கையால் திருத்தியவரின் விரல்பிழையாகவே பெரும்பாலும் இருக்கும்.

கட்டிலுள்ள சலான்களின் எண்ணிக்கையையும் பதிவுகளின் எண்ணிக்கையையும் எண்ணிப் பாருங்கள். ஸ்கேனரில் இரண்டு தாள் சேர்ந்து நுழைந்தால் ஒரு சலான் முழுதாகவே விட்டுப்போகும். எண்ணிக்கையும் சரி, வேறுபாட்டுக்கும் எந்த உருவமும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கட்டை மூட்டையாகக் கட்டி, மூலப் பத்தியின் நகலோடு உள்தணிக்கையாளரிடம் கொடுத்துவிடுங்கள். அதன்பின் அந்த நாளின் பதிவில் ஓர் இலக்கத்தைக்கூட நீங்கள் தொடக் கூடாது.